பத்து லட்சம் பின்னங்களைக் கூட்டாமலே

ஒன்று, அதோடு அரை, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று என்று பத்து லட்சத்தில் ஒன்று வரை கூட்டிக்கொண்டே போனால் விடை என்ன வரும்? பலர் ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். 15-ஐக்கூட அது எட்டாது. கூட்டாமலே இதைச் சொல்லிவிடலாம்.

வரைபடத்தாளில் y = 1/x என்ற வளைவரையை வரையுங்கள். இடமிருந்து வலமாக அது இறங்கிக்கொண்டே போகும். 1-க்கும் 2-க்கும் நடுவே 1 உயரத்தில் ஒரு செவ்வகம், 2-க்கும் 3-க்கும் நடுவே அரை உயரத்தில் இன்னொன்று என அடுக்குங்கள். எல்லாவற்றின் அகலமும் 1 என்பதால், செவ்வகங்களின் மொத்தப் பரப்புதான் நமக்கு வேண்டிய தொகை. ஒவ்வொரு செவ்வகத்தின் உச்சியும் வளைவரைக்கு மேலே துருத்தி நிற்கும். ஆகவே வளைவரைக்குக் கீழுள்ள பரப்பைவிடத் தொகை பெரியது. இப்போது எல்லாச் செவ்வகங்களையும் ஓர் அலகு இடப்பக்கம் நகர்த்துங்கள். முதல் செவ்வகத்தைத் தவிர மற்றவை யாவும் வளைவரைக்குக் கீழே அடங்கிவிடும். அந்தப் பரப்பைத் தொகையீடு நொடியில் தருகிறது: அது இயல் மடக்கை. ஆக,

ln(n+1) < 1 + 1/2 + … + 1/n < 1 + ln n (n > 1)

பத்து லட்சத்தின் இயல் மடக்கை 13.8155. எனவே விடை 13.8155-க்கும் 14.8155-க்கும் இடையில் இருக்கிறது.

மடக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆகவே இந்தத் தொகைக்கும் கிடையாது. 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிக்கோல் ஒரேம், பின்னங்களைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் குறைந்தது அரையாவது தரும் என்று காட்டி இதை நிறுவிவிட்டார். தொகையீடு தருவது வேகக் கணக்கு. தொகை 100-ஐத் தாண்ட எத்தனை உறுப்புகள் வேண்டும்? மேலே சொன்ன எல்லைகளின்படி ஏறக்குறைய e⁹⁹-க்கும் e¹⁰⁰-க்கும் இடையில், அதாவது சுமார் 1 × 10⁴³-லிருந்து 2.7 × 10⁴³-க்குள். 1968-இல் ஜான் ரெஞ்ச் துல்லியமாகக் கணக்கிட்டபோது வந்த எண்ணுக்கு 44 இலக்கங்கள். அதன் மதிப்பு ஏறத்தாழ 1.5 × 10⁴³.

ஆனால் பத்து லட்சம் உறுப்புகளுக்கு நாம் கண்ட இடைவெளி கிட்டத்தட்ட 1. இது பெரிய இடைவெளிதான். பிழை எங்கே சேர்கிறது என்று படத்தைப் பாருங்கள். வளைவரை செங்குத்தாக விழும் தொடக்கத்தில்தான் செவ்வகங்கள் அதிகம் துருத்துகின்றன. அந்தப் பகுதியைத் தோராயமாக விடுவானேன்? முதல் பத்து உறுப்புகளைக் கையால் கூட்டினால் 2.928968. மீதியை மட்டும் தொகையீட்டிடம் விட்டால், அது 11.417616-க்கும் 11.512925-க்கும் இடையில் சிக்குகிறது. மொத்தம் 14.3466-க்கும் 14.4419-க்கும் நடுவில். இடைவெளி பத்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுப்புள்ளி 14.3942, உண்மை விடை 14.3927. பத்தே பின்னங்களைக் கூட்டியதற்கு இது நல்ல கூலி என்பேன்.

தொகையிலிருந்து ln n-ஐக் கழித்தால் மிஞ்சுவது, n வளர வளர 0.5772… என்ற எண்ணில் போய் நிற்கிறது. ஆய்லரின் பெயர் தாங்கிய இந்த மாறிலி விகிதமுறு எண்ணா இல்லையா என்பது இன்னும் தெரியாது.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: உறுப்புகள் மிகை எண்களாக இருந்து, இறங்கிக்கொண்டே போக வேண்டும். 1/n² அதற்குப் பொருந்தும். வலப்பக்கம் முடிவில்லாமல் நீளும் அதன் பரப்பு வெறும் 1. ஆகவே அந்தத் தொகை 2-ஐத் தாண்டாது.

கணினி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? கணினியையே நம்பிப் பாருங்கள். நம் தொடரை 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் முதலிலிருந்து வரிசையாகக் கூட்டச் சொன்னால், ஏறத்தாழ 21 லட்சம் உறுப்புகளுக்குப் பிறகு விடை 15.4037-இலேயே நின்றுவிடும். தொடர் ஒரு வரம்பை நெருங்கிவிட்டது என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். நூறு கோடி உறுப்புகள் வரை ஓடவிட்டாலும் அதே விடைதான். ஆனால் நூறு கோடியின் இயல் மடக்கை 20.72, தொகை அதற்குக் கீழே இருக்கவே முடியாது. பிழை அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. காரணம் இதுதான்: 15-ஐ ஒட்டிய பகுதியில் இந்த வகை எண்களுக்கு இடையிலான மிகச் சிறிய படி 1/1048576. சேர்க்கும் பின்னம் அந்தப் படியில் பாதிக்கும் கீழே போனால், கணினி அதை முழுமையாக்கித் தள்ளிவிடும். சிறிய உறுப்புகளிலிருந்து தொடங்கிப் பெரியதை நோக்கிக் கூட்டினால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும்.