பெரிய எண்ணைத் தேடும் விரல்

மைக்ரோபிராசஸர் லேப் பரீட்சை. எனக்கு விழுந்த கேள்வி: நினைவகத்தில் இருக்கும் ஐந்து எண்களில் பெரியது எது என்று கண்டுபிடி. 8085 கிட்டில் ஒவ்வொரு பைட்டாகத் தட்டி ஏற்றினேன். ஓட்டியதும் சரியான விடை வந்தது. வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பட்டியல் முடிந்த இடத்துக்கு அடுத்த கட்டத்தைத் திறந்து அதில் FF என்று தட்டிவிட்டு, "இப்ப ஓட்டுங்க தம்பி" என்றார். ஓட்டினேன். விடையாக FF வந்து நின்றது. என் பட்டியலில் FF என்ற எண்ணே கிடையாது.

நான் செய்த தப்பு ஒரே ஒரு பைட். அது எந்தப் பைட் என்பதைப் பார்க்கும் முன் இயந்திரம் இந்தத் தேடலை எப்படிச் செய்கிறது என்று தெரிய வேண்டும்.

இன்டெல் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த 8085 சிப்பை இன்றைய கணினிகளில் தேடினால் கிடைக்காது. ஆனால் நம்மூர் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் ஒரு தலைமுறையே அதில்தான் அசெம்பிளி பழகியது. அது ஒரு நேரத்தில் எட்டு பிட் அளவுள்ள ஒரு எண்ணைத்தான் கையாளும். அதாவது 0 முதல் 255 வரை, ஹெக்ஸ் கணக்கில் 00 முதல் FF வரை.

ஐந்து எண்களை நமக்குக் காட்டினால் கண் ஒரே பார்வையில் பெரியதைப் பிடித்துவிடும். சிப்புக்கு அந்த ஒரே பார்வை கிடையாது. நினைவகம் அதற்கு வரிசையாக எண் போட்ட தபால் பெட்டிகள் மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் திறக்க முடியும். எந்தப் பெட்டி என்று காட்ட ஒரு விரல் தேவை. அந்த விரல்தான் பாயிண்டர். 8085-ல் H, L என்ற இரண்டு ரெஜிஸ்டர்கள் சேர்ந்து அந்த விரலாகின்றன. அவற்றில் இருப்பது பெட்டியின் எண் மட்டுமே. பெட்டிக்குள் இருக்கும் சரக்கைக் குறிக்க M என்று எழுதுவார்கள். HL-ல் 4201 இருந்தால் M என்பது 4201-ம் பெட்டிக்குள் இருப்பது. புதிதாகப் படிக்க வருபவர்கள் முதலில் குழம்புவது இந்த இடத்தில்தான்: விலாசம் வேறு, வீட்டில் இருப்பவர் வேறு.

பட்டியலை இப்படி வைத்துக்கொள்வோம். 4200-ல் 05, அதாவது எத்தனை எண்கள் என்ற கணக்கு. 4201 முதல் 4205 வரை 17, 2A, 09, F6, 1E. பத்தடிமானத்தில் சொன்னால் 23, 42, 9, 246, 30. விடையை 4300-ல் வைக்க வேண்டும்.

```
      LXI H, 4200H
      MOV B, M
      INX H
      MOV A, M
      DCR B
LOOP: INX H
      CMP M
      JNC SKIP
      MOV A, M
SKIP: DCR B
      JNZ LOOP
      STA 4300H
      HLT
```

முதல் வரி விரலை 4200-ல் வைக்கிறது. அங்கே இருக்கும் 5 என்ற கணக்கு B-க்குப் போகிறது. INX H விரலை ஒரு பெட்டி நகர்த்துகிறது. முதல் எண்ணான 17, A என்கிற அக்குமுலேட்டருக்கு வருகிறது. இதுவரை பார்த்ததில் பெரியது எதுவோ அது எப்போதும் A-ல் இருக்கும், அதுதான் இந்த நிரலின் ஒப்பந்தம். ஒரே எண்ணைத்தான் பார்த்திருக்கிறோம் என்பதால் இப்போதைக்கு அதுவே பெரியது.

சுழற்சிக்குள் விரல் அடுத்த பெட்டிக்குப் போனதும் CMP M வருகிறது. ஒப்பிடு என்று பெயர் இருந்தாலும் சிப் செய்வது கழித்தல். A-யிலிருந்து M-ஐக் கழித்துப் பார்க்கிறது. கழித்த விடையைத் தூக்கி எறிந்துவிட்டு, கடன் வாங்க வேண்டியிருந்ததா என்பதைக் கேரி ஃபிளாக் என்ற ஒரு பிட்டில் குறித்துவைக்கிறது. சின்னதிலிருந்து பெரியதைக் கழித்தால் கடன் வாங்காமல் முடியாது, மூன்றாம் வகுப்புக் கணக்குதான். ஆகவே கேரி 1 என்றால் A சின்னது, M பெரியது. அடுத்த வரியான JNC, கேரி இல்லாவிட்டால் தாண்டிப் போ என்கிறது. கேரி இருந்தால் தாண்டாது, MOV A, M நடந்து புதிய பெரிய எண் A-க்குள் வந்துவிடும். இரண்டும் சமமாக இருந்தால் கடன் தேவையில்லை, A அப்படியே இருக்கும்.

நம் பட்டியலை ஓட்டிப் பார்ப்போம். A-ல் 17. விரல் 4202-க்குப் போகிறது, அங்கே 2A. கடன் வேண்டியிருக்கிறது, A இனி 2A. 4203-ல் 09, கடன் இல்லை, தாண்டியாகிவிட்டது. 4204-ல் F6, மறுபடி கடன், A இனி F6. 4205-ல் 1E, கடன் இல்லை. B நான்கிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டதும் JNZ திரும்பிப் போக மறுக்கிறது. F6 என்ற விடை 4300-ல் போய் உட்காருகிறது. A மாறாத ஒரு சுற்றுக்கு 37 கடிகாரத் துடிப்புகள், மாறினால் 41. 3.072 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கிட்டில் ஒரு சுற்று ஏறக்குறைய 12, 13 மைக்ரோ செகண்டில் முடிந்துவிடும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். LOOP-க்கு முந்தைய வரியில் ஒரு DCR B இருக்கிறதே, அதை நான் போடவில்லை. ஐந்து எண்கள் என்றால் ஒப்பீடுகள் நான்குதான், ஏனென்றால் முதல் எண்ணை ஏற்கெனவே A-ல் எடுத்தாகிவிட்டது. அந்தக் கழிவைச் செய்யாததால் சுழற்சி ஐந்து முறை ஓடியது. விரல் 4206 வரை போனது. அங்கே என்ன இருக்கும்? முன்னால் ஓட்டியவர் விட்டுப்போனது ஏதாவது. அன்றைக்கு என் அதிர்ஷ்டத்துக்கு அங்கே சின்ன எண் ஒன்று இருந்திருக்கிறது, விடை சரியாக வந்துவிட்டது. இந்த வகைத் தப்பின் கொடுமையே இதுதான். பல நாள் சரியாக ஓடும், ஒரு நாள் காலை வாரும். எக்ஸ்டர்னல் செய்ததுதான் இதற்குச் சரியான சோதனை: பட்டியலின் எல்லைக்கு வெளியே ஒரு FF வைத்துவிட்டு ஓட்டுவது. அது விடையாக வந்தால் விரல் வேலி தாண்டியிருக்கிறது.

இன்னொரு பிழை உடனே காட்டிக்கொடுத்துவிடும். சுழற்சிக்குள் INX H-ஐ மறந்தால் விரல் நகரவே நகராது. முதல் எண் தன்னோடுதானே நான்கு முறை ஒப்பிடப்படும், எந்தப் பட்டியலுக்கும் முதல் எண்ணே விடையாக வரும்.

அந்த DCR B-ஐப் போட்ட பிறகும் நிரலில் ஒரு பொத்தல் உண்டு. 4200-ல் 01 வைத்து ஓட்டிப் பாருங்கள். B ஒன்றிலிருந்து பூஜ்யமாகிறது, ஆனால் அதைச் சோதிக்காமல் சுழற்சிக்குள் நுழைந்துவிடுகிறோம். உள்ளே இன்னொரு முறை குறையும்போது பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் B, FF ஆகிவிடும். பிறகு அது மறுபடி பூஜ்யத்துக்கு வருவதற்குள் 256 சுற்று. விரல் 4202-லிருந்து 4301 வரை எல்லாப் பெட்டியையும் தடவும். நடுவில் 4300 இருக்கிறது, அதாவது போன முறை எழுதிவைத்த விடையையும் போட்டியில் சேர்த்துக்கொள்ளும். LOOP-க்கு முன் B பூஜ்யமா என்று பார்த்து நேராக STA வரிக்குத் தாண்டும் ஒரு JZ போட்டால் இது சரியாகிவிடும். நான் பார்த்த ரெக்கார்டு நோட்டுகளில் பெரும்பாலும் அந்த JZ இருப்பதில்லை.

இதையெல்லாம்விட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது, அதில் நிரல் மேல் குற்றமே இல்லை. அதே ஐந்து எண்கள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் எடுத்த வெப்பநிலைகள் என்று வைத்துக்கொள்வோம். குளிர் என்றால் மைனஸ் எண்கள் வரும். எட்டு பிட்டில் மைனஸை எழுதும் வழக்கப்படி F6 என்பது 246 அல்ல, மைனஸ் 10. அப்படியானால் பட்டியலில் பெரியது 2A, அதாவது 42. நம் நிரலோ மைனஸ் 10-ஐத் தூக்கி வந்து இதுதான் உச்சம் என்கிறது. பெட்டியில் இருக்கும் எட்டு பிட்டுக்குத் தான் 246-ஆ, மைனஸ் 10-ஆ என்று தெரியாது. கேரியைப் பார்க்கும் JNC எல்லா எண்ணையும் பிளஸ் என்றே எடுத்துக்கொள்ளும். பின்னால் வந்த 8086 போன்ற சிப்களில் இதற்கென்றே JA, JG என்று இரண்டு தனித்தனித் தாண்டல்கள் உண்டு. 8085-ன் கையேட்டில் அந்த வசதி இல்லை.

அதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணையும் முதலில் XRI 80H வழியாக எடுத்து, அதன் மேல் பிட்டைப் புரட்டிப் பெட்டியிலேயே திருப்பி வைத்துவிட வேண்டும். 17, 2A, 09, F6, 1E ஆகியவை 97, AA, 89, 76, 9E ஆகிவிடும். மைனஸாக இருந்த F6 இப்போது எல்லாவற்றிலும் சின்னது. பழைய நிரலையே ஓட்டினால் AA வரும். சேமிக்கும் முன் மறுபடி ஒரு XRI 80H, 2A கிடைத்துவிடும்.

சிலர் முதல் எண்ணுக்குப் பதிலாக A-ல் 00 வைத்து ஆரம்பிப்பார்கள். பிளஸ் எண்களுக்கு அது நன்றாகவே ஓடும், பூஜ்யத்துக்குக் கீழே அங்கே எதுவும் இல்லையே. மைனஸ் எண்களுக்கான ஒப்பீட்டில் இதே பழக்கத்தைக் கொண்டுவந்தால், கிடங்கு முழுக்க உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளில் பட்டியலிலேயே இல்லாத 0 விடையாக வரும். முதல் எண்ணிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி.

லேப் அட்டவணையில் இதற்கு அடுத்த சோதனை வழக்கமாக மிகச் சின்ன எண்ணைக் கண்டுபிடிப்பது. அதற்குப் புதிய நிரல் எழுதத் தேவையில்லை. JNC-யை JC ஆக்கினால் போதும். நிரலை 4100-ல் ஏற்றியிருந்தால் 4109-ல் இருக்கும் D2-ஐ DA என்று மாற்றி ஓட்டுங்கள், நம் பட்டியலுக்கு 4300-ல் 09 வந்திருக்கும்.