முடித்த ஆய்வும் தொடரும் ஆய்வும்: ரிசர்ச் ஸ்டேட்மென்ட் எழுதுவது எப்படி?

அண்மையில் பள்ளிப்பட்டில் தம்பி ஒருவர் நம்மிடம் இரண்டு பக்கத் தாளைக் காட்டினார். முனைவர் பட்டம் முடித்த அவர், போஸ்ட் டாக் பணிக்கான விண்ணப்பத்துடன் அனுப்ப எழுதிய 'ரிசர்ச் ஸ்டேட்மென்ட்' அது. அரபுத்தமிழ் நூல்களைப் பற்றிய ஆய்வேட்டின் சுருக்கமே தாள் முழுதும் நிறைந்திருந்தது. கடைசியில், "இத்துறையில் மேலும் ஆய்வு செய்வேன்" என்று ஒரே வரி.

இவர் என்ன முடித்தார் என்பது தேர்வுக் குழுவுக்குத் தன்விவரக் குறிப்பிலேயே தெரிந்துவிடும். அதிலிருந்து அடுத்து எந்தக் கேள்வி பிறக்கிறது, அதற்கு விடை காணும் தகுதி இவரிடம் உண்டா என்பதையே அவர்கள் இந்தத் தாளில் தேடுவார்கள்.

ஆய்வாளர் ரோனித் ரிச்சியின் இரு நூல்களைப் பாருங்கள். 2011இல் வந்த முதல் நூல், அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட வினாக்களைச் சொல்லும் நூலைப் பற்றியது. தமிழில் 'ஆயிர மசலா' எனப்படும் அது, ஜாவா, மலாய், தமிழ் மொழிகளில் எப்படி உருமாறியது என்று ஆராய்கிறது. 2019இல் வந்த அடுத்த நூல், டச்சுக்காரர்களால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டோரையும் அவர்கள் வழிவந்த மலாய் சமூகத்தையும் பற்றியது. பொருள் புதிது, ஆனால் மலாய், ஜாவானியச் சுவடிகளை வாசிக்கும் திறன் இரண்டுக்கும் அடிப்படை. முதலில் கடல் கடந்த நூல், பிறகு கடல் கடந்த மனிதர்கள். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதே தொடர்ச்சி.

தம்பியின் தாளை இந்த முறையில் திருத்தினோம். ஆய்வேட்டின் சுருக்கம் அரைப் பக்கமானது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, எழுத்தர்கள் அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளியிட்டதை அவர் ஆராய்ந்திருந்தார். இந்த வழக்கம் ஊருக்கு ஊர் மாறியதா என்பதே புதிய கேள்வி. முதல் ஆண்டில் காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைப் பிரதிகளை ஒப்பிட்டு எழுத்து அட்டவணை தயாரிப்பது. இரண்டாம் ஆண்டில் இரு கட்டுரைகள் எழுதுவது. தனியார் வீட்டுச் சுவடிகளைப் பார்க்க அனுமதி கிடைக்காவிட்டால், கல்லச்சு நூல்களைக் கொண்டு தொடர்வது. அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தச் சேகரிப்பும் எந்தப் பேராசிரியரின் பணியும் இதற்கு உதவும் என்பதையும் சேர்த்தோம்.

முதலில் அவர் எட்டு ஊர்களைக் குறித்திருந்தார். பணிக்காலமோ இரண்டே ஆண்டு. மூன்றாகக் குறைத்தோம், முடிக்க இயலாத திட்டத்தைக் குழு எளிதில் கண்டுகொள்ளும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை: திட்டப் பகுதியை மட்டும் தனியே வாசியுங்கள். வேறொருவரும் அதைத் தம் பெயரில் அனுப்ப முடியுமென்றால், அது உங்கள் பழைய ஆய்விலிருந்து பிறக்கவில்லை. மீண்டும் எழுதுங்கள்.