கடைசி விலை காட்டும் கெட்டிக்காரன்

இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்று என்று வையுங்கள். செவ்வாயன்று ஒருவர் ஓர் அணிமேல் 2.10 விலையில் பந்தயம் கட்டுகிறார். 100 பவுண்டு கட்டி ஜெயித்தால் 210 கைக்கு வரும். சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும்போது, நிறுவனத்தின் லாபத்தைக் கழித்த விலை 2.00. காயச் செய்தி, அணிப் பட்டியல், பெரும்புள்ளிகளின் பணம் எல்லாம் அதற்குள் விலையில் ஏறிவிட்டன. அந்தக் கடைசி விலைப்படி வெற்றி வாய்ப்பு சரிபாதி. ஆக, அவருக்கு 5 சதவீதம் சாதகம். அணி தோற்றாலும் அது மாறாது.

இப்படியே 100 பந்தயம் கட்டினாலும், 47 அல்லது அதற்கும் குறைவாக ஜெயித்து நஷ்டப்பட ஏறக்குறைய 31 சதவீத வாய்ப்பு உண்டு. கடைசி நேரத்தில் 1.95க்குக் கட்டும் விவரமில்லாதவர் லாபத்தில் நிற்கவும் சுமார் 38 சதவீதம்! கையிருப்பைப் பார்த்து ஆளை எடைபோட முடியாது. ஆனால் பணம் அதிகம் புழங்காத சின்ன லீக்குகளில் கடைசி விலையே தப்பாக இருக்கலாம். அங்கே இந்த அளவுகோலை நம்ப முடியாது.