பெஞ்சும் கயிறும் பிள்ளையின் நடையும்

"ஆயம்மா, எம் புள்ளைய எதுக்கு பெஞ்சு மேல ஏத்திவிடுறீங்க? விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டா, நான் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறப்ப யாரு பாக்கிறது?"

பிள்ளைக்காம்பராவில் பெஞ்சையும் கயிற்றையும் வைத்துத் தடைப்பாதை அமைத்தால், தாய்மார் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

நடக்கப் பழகும் பிள்ளை எப்படியும் விழும். அமெரிக்காவில் கேரன் அடோல்ஃப் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து எண்ணி, 2012இல் கணக்கு வெளியிட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளை சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தது. 17 தடவை விழுந்தது! அந்தப் பிள்ளைகள் விழுந்து விழுந்துதான் நடையைப் பழகினார்கள். ஆகவே விழாமல் பார்ப்பது நம்மால் முடியாது. எந்த உயரத்திலிருந்து, எதன் மேல் விழுகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். அதனால் மேற்பாரம் ஏற்றிய வண்டி மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தைச் சரிசெய்ய மூன்று இடத்திலிருந்து அதற்குச் சேதி போகிறது: கண், காதின் உட்புறம், பாதமும் மூட்டுகளும். மூன்று சேதியையும் சேர்த்து உடம்பை நிமிர்த்தப் பழகுவதையே சமநிலை என்கிறோம். பாதத்தின் சேதி சரியாகப் போக வேண்டுமானால் காலில் செருப்போ காலுறையோ இருக்கக் கூடாது. சீமெந்துத் தரையில் காலுறை வழுக்கவும் செய்யும்.

முதல் வேலை கயிறு. தும்புக் கயிறு நல்லது. தடிப்பாக இருப்பதால் பாதத்துக்கு அதன் மேடு தெரியும். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை போன்ற மீன்பிடிக் கரைகளில் நைலோன் கயிறு சுலபமாகக் கிடைக்கும். (அந்தப் பக்கம் பெஞ்சை 'வாங்கு' என்பார்கள்.) ஆனால் நைலோன் கயிறு தரையில் உருண்டு வழுக்கும். அதுதான் இருக்கிறதென்றால் நடப்பதற்கு வேண்டாம், தாண்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தும்புக் கயிற்றைத் தரையில் பாம்பு போல வளைத்துப் போட்டு, பிள்ளையை அதன் மேல் நடக்க விடுங்கள். விழுந்தாலும் உயரம் ஒன்றுமில்லை. மொண்டிசோரி அம்மையார் தம் பள்ளிகளில் தரையில் கோடு கீறிப் பிள்ளைகளை நடக்க வைத்ததும் இதே காரியத்துக்குத்தான். 2 வயதுப் பிள்ளை கயிற்றுக்கு இருபுறமும் கால் வைத்துப் போகும். அது சரியே. 3 வயதை நெருங்கும்போது பாதம் தானாகக் கயிற்றின் மேல் வரும்.

இரண்டாவது, தாண்டும் கயிறு. இரண்டு பெஞ்சுகளின் கீழ்ச் சட்டங்களின் மேல், தரையிலிருந்து 10 சென்றிமீற்றர் உயரத்துக்கு மேற்படாமல், குறுக்கே போட வேண்டும். போட வேண்டும் என்றுதான் சொல்கிறோம், கட்டக் கூடாது! கால் பட்டால் கயிறு விழுந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் கயிறு நிற்கும், பிள்ளைதான் குப்புற விழும். நெஞ்சு, கழுத்து உயரத்தில் கயிறே வரக் கூடாது.

மூன்றாவது பெஞ்சு. ஆபத்து இருப்பது இதில்தான். அதுவும் உயரத்தை விட நுனியில். அநேகமான பெஞ்சுகளில் கால்கள் நுனியில் இல்லாமல் சற்று உள்ளே தள்ளி இருக்கும். நுனியில் பிள்ளை நின்றால் மறுபக்கம் எழும்பி, பெஞ்சு கவிழும். பிள்ளையை ஏற்றுமுன் நுனியில் உங்கள் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்திப் பாருங்கள். மறுமுனை அசைந்தால் அந்தப் பெஞ்சில் நடை வேண்டாம். அடியால் தவழ்ந்து போக மட்டும் வையுங்கள். கால் ஒன்று ஆடினால் பழைய செருப்பில் ஒரு துண்டு வெட்டிக் கீழே கொடுத்தால் நிற்கும்.

வழமையான பெஞ்சு 2 வயதுப் பிள்ளையின் இடுப்பளவுக்கு வரும். அதில் நிமிர்ந்து நடப்பது அந்த வயதுக்கு அதிகம். வயிற்றைப் போட்டு ஏறி, தவழ்ந்து, மறுமுனையில் திரும்பிக் காலை முதலில் விட்டு இறங்கட்டும். இந்த இறக்கத்தைப் பழக்கினால் லயத்து வாசல்படியில் தலைகீழாகப் போவதும் குறையும். நடப்பதற்கு, இரண்டு பக்கமும் செங்கல் ஒன்று வைத்து, அதன் மேல் அகலமான பலகை போதும். உங்கள் பாதத்தின் நீளமாவது பலகையின் அகலம் இருக்கட்டும். சுற்றிலும் அரிசிச் சாக்கில் காய்ந்த மானாப்புல் அடைத்து மெத்தையாகப் போடுங்கள். உரச் சாக்கு, மருந்துச் சாக்கு எவ்வளவு கழுவினாலும் இதற்கு ஆகாது.

இனி ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வயது 2¼. பலகையில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டாள். முழங்கால் நடுங்குகிறது, அழப் பார்க்கிறாள். நாம் என்ன செய்வோம்? கையைப் பிடித்து மேலே தூக்கினாற்போல் அடுத்த பக்கம் கொண்டுபோய் விடுவோம். தப்பு அங்கேதான் நடக்கிறது. மேலே இழுத்துப் பிடித்த கையில் அவள் சாய்ந்துவிடுகிறாள். தன் ஆட்டத்தைத் தானே உணர்ந்து சரிசெய்யும் வேலை அவளுக்கு இல்லாமல் போகிறது. ஒரு மாதம் அப்படி நடத்தினாலும், கையை விட்ட அன்று முதல் நாள் போலவே நிற்பாள்.

பக்கத்தில் குந்திக்கொள்ளுங்கள். உங்கள் கை அவள் இடுப்புக்கு அருகில், ஆனால் தொடாமல் இருக்கட்டும். "உக்காருடா கண்ணு" என்று சொல்லுங்கள். உட்கார்ந்து நகர்ந்து வந்தாலும் அவள் பாதையை முடித்தவள்தான். சில நாள் அப்படியே வருவாள். பிறகு எழுந்து பக்கவாட்டில் அடி வைப்பாள், அப்புறம் நேராக வருவாள். அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு கைகளையும் அகல விரித்துத் தானே நின்று, மறுபடி அடியெடுத்து வைக்கும் நாளில் சமநிலை வந்துவிட்டது என்று அறியலாம். விரைவாக ஓடிக் கடக்கும் பிள்ளையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆட்டத்தைச் சரிசெய்ய முடியாததால்தான் சில பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள். "ஆமை மாதிரி வா" என்று மெதுவாக வரச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பாதையை வட்டமாக அமையுங்கள், எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ள மாட்டார்கள். பலகையில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும். அதன் அருகில் ஒருவர் அசையாமல் இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவர் தேவை. இரண்டு பேர் இல்லாத நாளில் தரைக் கயிறு போதும். கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், சாப்பிட்ட கையோடும் வேண்டாம். மழை நாளில் வாசலில் ஈரம் மிதித்து வந்த பாதங்களைத் துடைத்த பிறகே ஏற விடுங்கள்.

சில பிள்ளைகளுக்குப் பழக்கம் மட்டும் போதாது. உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் பிள்ளைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட அளவுப்படி, சுகமான பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருமே 18 மாதத்துக்குள் தனியாக நடந்துவிடுகிறார்கள். அதைத் தாண்டியும் நடக்காத பிள்ளை, எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிள்ளை, நுனிக்காலிலேயே நடக்கும் பிள்ளை, நன்றாக நடந்திருந்து திடீரென்று தடுமாறும் பிள்ளை ஆகியோரை மருத்துவமாதுவிடமோ வைத்தியரிடமோ காட்ட வேண்டும். காதில் சீழ் வடிகிறதா என்றும் பாருங்கள். காதுக்குள் நீர் கட்டினாலும் பிள்ளை தள்ளாடும். வீட்டார் அதைப் "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லி விட்டுவிடுவதுண்டு.

விளையாட்டு முடிந்ததும் முதலில் எடுக்க வேண்டியது கயிறு. பிள்ளைகள் படுக்குமுன் அதைச் சுருட்டி, கைக்கு எட்டாத ஆணியில் மாட்டிவிடுங்கள். தூங்கும் அறையில் கயிறு ஒரு முழம்கூடக் கிடக்கக் கூடாது. பெஞ்சைச் சுவரோரம் தள்ளுங்கள். ஆனால் ஜன்னலுக்குக் கீழே வேண்டாம், ஏறப் பழகிய பிள்ளை அங்கேயும் ஏறும்.