கிராமத் தலைவர் தலையாட்டினால் போதாது

பாலேக் புலாவ் பக்கத்துக் கம்போங் ஒன்றில் சமையற்கட்டைப் பின்புறம் பத்தடி நீட்ட நினைப்பவர், பெரும்பாலும் முதலில் போய் நிற்பது கிராமத் தலைவர் வாசலில்தான். “கட்டிக்கோங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று அவர் சொல்லிவிட்டால் மறுவாரமே செங்கல் இறங்கிவிடும். பிறகு ஒருநாள் மாநகர் மன்றத்தின் நோட்டீஸ் வரும்.

தலைவர் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. எம்.பி.கே.கே. எனப்படும் கிராம மன்றம், பினாங்கில் மாநில அரசு நியமிக்கும் ஒரு குழு. மாவட்ட அலுவலகத்தோடு சேர்ந்து இயங்குவது. சிறு திட்டங்களுக்கு ஒதுக்கீடு கேட்கும், உதவிக்குரியவர்களைப் பரிந்துரைக்கும், கோத்தோங் ரோயோங் நடத்தும், ஊர்க் குறைகளை மேலே கொண்டுபோகும். வரி போடவோ, லைசென்ஸ் தரவோ, கட்டட வரைபடத்தை அங்கீகரிக்கவோ முடியாது. தமிழ்நாட்டு ஊராட்சி அப்படியல்ல. அது மக்கள் ஓட்டுப் போட்டு அமைக்கும் மன்றம், வீட்டு வரியும் வசூலிக்கும். அங்கே உறவுக்காரர் சொல்வதைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு.

சட்டப்படி ‘ஊராட்சி மன்றம்’ என்ற தகுதி மேலே உள்ள மாவட்ட மன்றம், நகராண்மைக் கழகம், மாநகர் மன்றம் என்ற மூன்று அடுக்குகளுக்குத்தான். பினாங்கில் இப்போது நகராண்மைக் கழகம் எதுவும் இல்லை. தீவின் கழகம் 2015 மார்ச் 31 அன்றும், செபராங் பிறை கழகம் 2019 செப்டம்பர் 16 அன்றும் மாநகர் மன்றங்களாக உயர்ந்தன. நடு அடுக்கைப் பார்க்கக் கெடா பக்கம் கூலிமுக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ போகவேண்டும். மாநகர் ஆவதற்கு மத்திய அரசு வகுத்த அளவுகோலில் 5 லட்சம் மக்களும் ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் வருமானமும் முக்கியமானவை. தலைவரின் பட்டமும் மாறுகிறது. மாநகருக்கு மேயர், மற்றவற்றுக்கு யாங் டிபெர்துவா. ஆனால் மூன்று அடுக்குகளையும் ஆள்வது ஒரே 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். கவுன்சிலர்கள் எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மிகாமலும் இருப்பார்கள். எல்லாரும் மாநில அரசின் நியமனம்.

சமையற்கட்டுக்கு வருவோம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி மன்றத்தின் எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் கட்டக்கூடாது. இருக்கும் வீட்டை நீட்டுவதும் இதில் அடங்கும். மீறினால் அபராதம், கடைசியில் இடிப்பு. ஆகவே தகுதியுள்ளவரிடம் வரைபடம் போட்டு மன்றத்தின் கட்டடப் பிரிவில் கொடுத்த பிறகே கல்லைத் தொடவேண்டும். திட்ட அனுமதி மறுக்கப்பட்டால், முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. அதற்கு விடை நில அலுவலகத்தில்தான் இருக்கிறது. 2009இல் புவா பாலா கம்போங் இடிக்கப்பட்டது குடியிருந்தவர்கள் நில உரிமை வழக்கில் தோற்றதால்தான்.

அதிகம் பேர் உரிமையைக் கோட்டைவிடுவது மதிப்பீட்டு வரியில். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்பதே அதன் அடிப்படை. உதாரணமாக, மன்றம் மாதம் 1,200 ரிங்கிட் என்று கணக்கிட்டு ஆண்டு மதிப்பை 14,400 என்று வைக்கிறது. தெருவில் அதேபோன்ற வீடுகள் 900க்குத்தான் போகின்றன, ஆக 10,800. வரி விகிதம் 7 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 252 ரிங்கிட் கூடுதல். ஆட்சேபத்தை எழுத்தில், மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்னதாகவே கொடுத்துவிடவேண்டும். “நான் ஓய்வூதியக்காரன், கட்ட முடியவில்லை” என்று எழுதினால் அது கருணை மனு. சட்டம் கேட்கும் ஆட்சேபம் அல்ல. மதிப்பு அதிகம் என்று சொல்லி, அக்கம்பக்கத்து வாடகை ஒப்பந்த நகல்களை இணையுங்கள். முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் முன்பே ஆட்சேபம் கொடுத்தவர் மட்டும்தான். கிராமத் தலைவரிடம் முறையிட்டது அந்தக் கணக்கில் சேராது.

குப்பை விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. கெடாவில் குப்பை அள்ளுவது மத்திய அரசின் சட்டப்படி வரும் நிறுவனம், பினாங்கில் மன்றமே பொறுப்பு. மாநகர் என்ற தகுதியால் வந்த வேறுபாடல்ல இது. பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை.

ஓட்டுப் போட்டு மன்றத்தை மாற்றலாமே என்றால், அந்த வழி அடைபட்டிருக்கிறது. 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகர் ஆனபோது தேர்தலில் வந்த மன்றம் இருந்தது; அதன் மேயராக நம்மவர் டி.எஸ். இராமநாதன் அமர்ந்தார். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. பினாங்கு 2012இல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது.

மிச்சமிருப்பது கவுன்சிலர்தான். மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்திருக்கவேண்டும் என்று அதே 1976 சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, உங்கள் பகுதிக் கவுன்சிலர் உங்கள் வடிகாலைப் பற்றி வாய் திறக்கிறாரா என்று பார்க்கலாம்.