‘பெருசா ஒண்ணும் இல்ல’

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பல்கலைக்கழக நடைபாதையில் எதிரே வரும் சக மாணவர் ‘வாட்ஸ் அப்?’ என்கிறார். அக்கறையாக விசாரிக்கிறாரே என்று நம் பிள்ளை நின்று, அறை கிடைக்காத கதையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டவர் பத்தடி தாண்டிப் போயிருப்பார். அங்கே எதிர்பார்க்கப்படும் பதில் ‘நாட் மச்’. பெருசா ஒண்ணும் இல்லை, அவ்வளவுதான். பதிலுக்கு அதே கேள்வியையே திருப்பிச் சொல்லிவிட்டு நடப்பவர்களும் உண்டு. யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இதைப் பார்த்து ‘அமெரிக்கர்களின் விசாரிப்பு வெறும் வாய்வார்த்தை’ என்று முடிவுகட்டுகிறவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செய்தி சொல்வதற்காக அன்றி, ‘நமக்குள் உறவு இருக்கிறது’ என்று காட்டிக்கொள்வதற்காகவே பேசப்படும் பேச்சு எல்லா மக்களிடமும் உண்டு. ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இலேயே இதை எழுதிவிட்டார். ஆனால் அவரோடு விஷயம் முடியவில்லை. அந்த வெறும் பதிலுக்குள் நுணுக்கமான வேலை ஒன்று நடக்கிறது. அது வெளியே தெரிந்தது, மனிதர்களின் சாதாரணத் தொலைபேசிப் பேச்சை ஒலிநாடாவில் பதிவுசெய்து, இடைவெளியும் இழுப்பும் விடாமல் எழுதிப் பார்த்த பிறகுதான்.

அப்படிப் பார்த்தவர்களில் கிரஹாம் பட்டன், நீல் கேசி என்ற இருவர் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘என்ன புதுசு?’, ‘என்ன நடக்குது?’ போன்ற கேள்விகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கேள்விகள் எதைப் பற்றியும் குறிப்பாகக் கேட்பதில்லை. ‘பேச்சை நீயே தொடங்கு, எதைப் பற்றி என்பதும் உன் விருப்பம்’ என்று இடம் விடுகின்றன. அந்த இடத்தை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதற்கான பதில்தான் ‘பெருசா ஒண்ணும் இல்ல’. தன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதற்கு அது பதில் அல்ல.

இரண்டு தோழிகள் தொலைபேசியில் பேசுவதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி ‘என்னடி விசேஷம்?’ என்கிறாள். மற்றவள் ‘ம்... பெருசா ஒண்ணும் இல்ல’ என்கிறாள். கேட்டவள் அங்கே நிற்பதில்லை. ‘ஒண்ணுமே இல்லையா? வெள்ளிக்கிழமை இன்டர்வியூன்னு சொன்னியே?’ என்கிறாள். உடனே ‘அதை ஏன் கேக்கற...’ என்று தொடங்கி, பேச்சு அரைமணி நேரம் ஓடுகிறது. சற்று முன்பு ஒன்றும் இல்லை என்றவளிடம் இவ்வளவு இருந்திருக்கிறது. ஆனாலும் முதல் பதிலைப் பொய் என்று இருவருமே நினைப்பதில்லை.

காரணம் ‘பெருசா’ என்ற அந்த ஒட்டில் இருக்கிறது. ‘ஒண்ணும் இல்லை’ என்று வெட்டிச் சொன்னால் கதவு சாத்தப்படுகிறது. ‘பெருசா’ சேரும்போது கதவு ஒருக்களித்து நிற்கிறது. சின்னதாக ஏதோ இருக்கலாம், ஆனால் நானாக முந்திக்கொண்டு சொல்லமாட்டேன் என்று பொருள். ஒருவர் தன் செய்தியைத் தானே பெரிது என்று அறிவிப்பது சங்கடமான காரியம். கேட்பவர் இரண்டாம் முறை கேட்டால் அந்தச் சங்கடம் தீர்ந்துவிடுகிறது. முதல் கேள்வி ஒப்புக்குக் கேட்டதா, உண்மையிலேயே கேட்கத்தானா என்பதும் அப்போது தெரிந்துவிடுகிறது. அதனால் இந்த மாதிரிப் பேச்சில் எல்லாப் பாரத்தையும் தாங்குவது இரண்டாவது கேள்விதான்.

துன்பம் இருக்கும்போது கணக்கு மாறுகிறது. இதைக் கூர்ந்து பார்த்தவர் ஹார்வி சாக்ஸ். 1960களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை அவர் ஆராய்ந்தார். உரையாடலை வரிவரியாக ஆராயும் துறையே அவரிடமிருந்துதான் கிளைத்தது. ‘எப்படி இருக்கிறாய்?’ என்பதற்கு ஏன் எல்லோரும் பொய் சொல்லியாக வேண்டியிருக்கிறது என்று 1975-இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார். ‘மோசமாக இருக்கிறேன்’ என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ‘ஏன், என்னாச்சு?’ என்று கேட்டே ஆகவேண்டும். கேட்டால் காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் நம் துன்பத்தை எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது. சில விஷயங்கள் மனைவியிடம், சில நண்பனிடம், சில யாரிடமும் இல்லை. கேட்டவர் அந்தக் காரணத்தைக் கேட்கும் உரிமை உள்ளவர் இல்லையென்றால், முதல் பதிலிலேயே ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லித்தான் தப்பிக்க முடியும். ஆகவே அந்தப் பொய்யை ஒருவரின் குணத்தோடு முடிச்சுப் போடுவதற்கில்லை. அடுத்து வரப்போகும் கேள்வி அதைச் சொல்ல வைக்கிறது.

முழுப் பொய்யும் சொல்லாமல், உண்மையையும் கொட்டாமல் நடுவில் நிற்க ஒரு வழி உண்டு. அதைப் பதிவுகளிலிருந்து பிரித்துக் காட்டியவர் கெயில் ஜெஃபர்சன். ஆங்கிலத்தில் சாதாரணப் பதில் ‘ஃபைன்’. அதற்கு அரைப்படி கீழே ‘பிரிட்டி குட்’ என்று ஒன்று இருக்கிறது. பார்வைக்கு இதுவும் நல்ல பதில்தான். ஆனால் பின்னால் ஒரு தொல்லை வரப்போகிறது என்பதற்கு அது முன்னறிகுறியாக இருக்கக்கூடும் என்று 1980-இல் அவர் எழுதினார். சொல்கிறவர் தொல்லையை அறிவிப்பதில்லை. பின்னால் சொல்வதற்கு இடம் மட்டும் வைத்துக்கொள்கிறார்.

நம் வீடுகளில் இந்த அரைப்படியை அறியாதவர் யார்? ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் ‘நல்லா இருக்கேன்ப்பா’ என்றால் ஒன்று, ‘ம்... இருக்கேன்’ என்றால் வேறு. ‘ஏதோ ஓடுது’ என்று மாமா சொன்னால், கடையில் வியாபாரம் எப்படி என்று தனியாகக் கேட்டாக வேண்டும். ‘நல்லா’ விழுந்துபோன இடத்தைக் காது பிடித்துக்கொள்கிறது.

இதனால் ஒவ்வொரு ‘பெருசா ஒண்ணும் இல்ல’வுக்குள்ளும் ஒரு சோகம் ஒளிந்திருக்கிறது என்று தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அப்படித் தோண்டுகிறவரிடம் பேசுவதே தண்டனை. கேள்வி முடிந்த கணத்தில், இடைவெளி இல்லாமல் பதில் வந்து, கூடவே ‘நீ எப்படி?’ என்று திரும்பியும் வந்தால் பெரும்பாலும் அது வெறும் வணக்கம்தான். தயங்கி வந்தாலோ, ‘ம்’ என்று இழுத்து வந்தாலோ, திருப்பிக் கேட்காமல் நின்றுவிட்டாலோ இன்னொரு முறை கேட்கலாம். அதுவும் பொதுவாக அல்ல, அந்தத் தோழி இன்டர்வியூவைச் சொன்னதுபோல, தெரிந்த ஒன்றைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ‘நிஜமாவே ஒண்ணும் இல்லையா?’ என்று வெறுமனே அழுத்தினால் ‘இல்லப்பா’ என்றுதான் வரும்.

இந்த வழக்கம் உண்மையிலேயே இடறும் இடம் மருத்துவரின் அறை. மருத்துவர் உள்ளே வந்து ‘எப்படி இருக்கீங்க?’ என்கிறார். நெஞ்சுவலிக்காக வந்தவரே ‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்று சொல்லிவிடுகிறார். அந்த வார்த்தைகள் வணக்கமாகவும் இருக்கலாம், விசாரணையாகவும் இருக்கலாம். எது என்று வார்த்தையை வைத்து நோயாளிக்குத் தெரிவதில்லை. மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாரா, பார்வை கோப்பில் இருக்கிறதா தம் முகத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்துத்தான் அவர் ஊகிக்கிறார். சொல்லிவிட்ட ‘நல்லா’விலிருந்து வலிக்கு இறங்கி வர அவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். ‘இன்னிக்கு எதுக்காக வந்தீங்க?’ என்று கேட்கும் மருத்துவரிடம் யாரும் ‘நல்லா இருக்கேன்’ என்று பதில் சொல்வதில்லை.