கூடுதல் பொறுப்பு ஆணை: எத்தனை நாள், எவ்வளவு அதிகாரம்

அரசு அலுவலகத்தில் ஓர் இருக்கை காலியாகும்போது அங்கே புதியவர் உடனே வந்துவிடுவதில்லை. ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், நீண்ட விடுப்பில் போயிருப்பார், அல்லது மாறுதலில் சென்றிருப்பார். அந்த இடைவெளியில் வேறொரு பிரிவின் அலுவலர் தம் வேலையையும் பார்த்துக்கொண்டு காலியான பிரிவையும் கவனிக்க வேண்டும் என்று பிறப்பிக்கப்படுவதுதான் கூடுதல் பொறுப்பு ஆணை. பெரும்பாலும் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. ஆனால் அந்த நாள்களில் யார் போடும் கையெழுத்து செல்லும், எந்தக் கோப்பு மேலே போக வேண்டும், இரண்டு வேலை பார்த்தவருக்குக் கூடுதல் ஊதியம் உண்டா என்பதெல்லாம் அந்த அரைப் பக்கத்தில் உள்ள சொற்களைப் பொறுத்தது. மாநில அரசுகளுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. இங்கே பேசப்படுவது மத்திய அரசு அலுவலகங்களில் நடைமுறையில் உள்ள அடிப்படை விதி 49.

கூடுதல் பொறுப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழு கூடுதல் பொறுப்பு. அலுவலர் அந்த இரண்டாவது பதவிக்கு முறைப்படி நியமிக்கப்படுகிறார். அந்தப் பதவியின் முழு வேலையும் அவருடையது. மற்றொன்று அன்றாடப் பணிகளை மட்டும் கவனிக்கும் பொறுப்பு. தபால் பிரிப்பது, வழக்கமான கோப்புகளை நகர்த்துவது, ஊழியர்களின் வருகையைப் பார்ப்பது போன்றவை நின்றுவிடாமல் இருக்கச் செய்யப்படும் ஏற்பாடு இது. பேச்சு வழக்கில் இரண்டையுமே 'இன்சார்ஜ்' என்று சொல்லிவிடுவதால் பொறுப்பேற்பவருக்கே சில சமயம் தாம் எந்த வகை என்று தெரிவதில்லை. ஆணையில் 'கவனித்துக்கொள்வார்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த வகை என்ற கேள்வி தணிக்கை வரை இழுத்துக்கொண்டு போகும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை 1963 ஜனவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஒரு குறிப்பாணை விளக்கியது. ஒரு பதவியின் அன்றாடப் பணிகளைப் பார்ப்பவர் அந்தப் பதவிக்குரிய நிர்வாக அதிகாரங்களையும் நிதி அதிகாரங்களையும் பயன்படுத்தலாம். ஆனால் சட்டத்திலிருந்தோ அரசியலமைப்பின் பிரிவுகளின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளிலிருந்தோ வரும் அதிகாரங்களைப் பயன்படுத்த முடியாது என்பது அதன் சாரம். மின்கட்டணப் பட்டியலுக்கு ஒப்புதல் தருவது முதல் வகையில் அடங்கும். 1965ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் கீழ் ஒருவருக்குத் தண்டனை விதிப்பது இரண்டாவது வகை. ஒரு சட்டம் குறிப்பிட்ட பதவியில் இருப்பவருக்கு ஓர் அதிகாரத்தைக் கொடுத்தால், அந்தப் பதவிக்கு முறையாக நியமிக்கப்பட்டவர்தான் அதைச் செலுத்த முடியும். நாற்காலியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதால் மட்டும் அந்த அதிகாரம் கைமாறிவிடுவதில்லை.

சட்டம் பதவியை எவ்வளவு கறாராகப் பார்க்கிறது என்பதற்கு 1965இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அஜாயிப் சிங் வழக்கு நல்ல சான்று. அமிர்தசரஸில் கூடுதல் மாவட்ட நடுவர் ஒருவர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஒருவரைக் காவலில் வைக்க ஆணையிட்டார். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மாவட்ட நடுவரின் அதிகாரங்கள் அவருக்கு வழங்கப்பட்டிருந்தன. ஆனால் காவலில் வைக்கும் அதிகாரத்தை மாவட்ட நடுவருக்குக் கீழான நிலையில் உள்ளவருக்குத் தரக்கூடாது என்று பாதுகாப்புச் சட்டம் சொல்லியிருந்தது. வேறொரு சட்டத்தின் கீழ் அதிகாரங்கள் கிடைத்திருந்தாலும் பதவி நிலையில் அவர் மாவட்ட நடுவர் ஆகிவிடவில்லை என்று கூறி, அந்த ஆணை செல்லாது என்றது நீதிமன்றம். ஒரு மனிதரின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தக் கறார் தேவையானதுதான். பிரிவு அலுவலரின் பொறுப்பு இவ்வளவு பெரிதல்ல என்றாலும் பொருந்தும் கொள்கை அதேதான்.

இதை ஒரு கற்பனை அலுவலகத்தில் வைத்துப் பார்க்கலாம். கணக்குப் பிரிவின் அலுவலர் ஜூன் 30 அன்று ஓய்வு பெறுகிறார். அடுத்தவர் வர இரண்டு மாதம் ஆகும். நிர்வாகப் பிரிவின் அலுவலரிடம் பொறுப்பை ஒப்படைக்க முடிவாகிறது. இருவரும் வெவ்வேறு பணித் தொகுதியைச் சேர்ந்தவர்கள். ஆணையின் மையப் பகுதி இப்படி அமையலாம்:

"நிர்வாகப் பிரிவு அலுவலர், தம் பணியுடன் கூடுதலாக, கணக்குப் பிரிவு அலுவலர் பதவியின் முழு கூடுதல் பொறுப்பை ஜூலை 1 முற்பகல் முதல் ஆகஸ்ட் 31 பிற்பகல் வரை, அல்லது முறையான அலுவலர் பொறுப்பேற்கும் வரை, இதில் எது முந்தையதோ அதுவரை வகிக்க நியமிக்கப்படுகிறார். இக்காலத்தில் அப்பதவிக்குரிய நிர்வாக, நிதி அதிகாரங்களை அவர் செலுத்துவார். பணம் பெற்று வழங்கும் அலுவலராகவும் அவர் செயல்படுவார். நிர்வாகப் பிரிவிலிருந்து வரும் பட்டியல்கள் துணை இயக்குநரின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட வேண்டும்."

இதில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் வேலை இருக்கிறது. முற்பகல், பிற்பகல் என்று எழுதுவதால் ஒரே நாளில் இரண்டு பேர் கையெழுத்திட்டார்கள் என்ற குழப்பம் வராது. 'எது முந்தையதோ' என்ற பகுதி இல்லாவிட்டால், புதியவர் ஆகஸ்ட் 10 அன்றே வந்து சேர்ந்த பிறகும் பழைய ஆணை மாதக் கடைசி வரை உயிரோடு இருப்பதாகத் தோன்றும். பல ஆணைகளில் காலத்துக்குப் பதில் 'மறு உத்தரவு வரும் வரை' என்று எழுதிவிடுகிறார்கள். எழுதுபவருக்கு அது வசதி. பொறுப்பைச் சுமப்பவருக்கு அது முடிவு தெரியாத சுமை. காலியிடத்தை நிரப்ப வேண்டும் என்ற அவசரமும் அந்த ஒரு வரியோடு கரைந்துபோகிறது.

நாள் கணக்கு ஊதியத்தையும் தீர்மானிக்கிறது. விதி 49இன்படி, வேறு அலுவலகத்தில் உள்ள பதவியையோ, அதே அலுவலகத்தில் வேறு பணித் தொகுதியைச் சேர்ந்த பதவியையோ முறையான நியமனத்தின் பேரில் கூடுதலாக வகிப்பவருக்கு அந்தப் பதவியின் உத்தேச ஊதியத்தில் 10 சதவீதம் கிடைக்கும். அந்தப் பதவியை நிரந்தரமாக வகித்திருந்தால் அவருக்கு என்ன ஊதியம் கிடைத்திருக்குமோ அதுவே உத்தேச ஊதியம். பொறுப்புக் காலம் 45 நாளைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் போனால் அதற்குப் பிந்தைய நாள்களுக்குக் கூடுதல் ஊதியம் தர மத்திய பணியாளர் துறையின் இசைவு வேண்டும். மேலே சொன்ன அலுவலரின் உத்தேச ஊதியம் ரூ.56,900 என்று கொண்டால் மாதம் ரூ.5,690, இரண்டு மாதத்துக்கு ரூ.11,380. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை 62 நாள் என்பதால் நிபந்தனை நிறைவேறிவிட்டது. அதே ஆணை ஆகஸ்ட் 14 அன்று முடிந்திருந்தால் சரியாக 45 நாள். ஒரு ரூபாயும் கிடையாது. ஆகஸ்ட் 15 வரை என்றிருந்தால் 46 நாள், உண்டு. ஆணையில் தேதி எழுதுபவர் இதை அறிந்திருப்பது நியாயம்.

ஊதியமே கிடைக்காத நிலைகளும் உள்ளன. ஒரே அலுவலகத்தில், ஒரே பணித் தொகுதியில், ஒரே ஊதிய நிலையில் உள்ள இரண்டு இருக்கைகளைப் பார்ப்பவருக்கு எத்தனை மாதம் ஆனாலும் கூடுதல் ஊதியம் இல்லை. அன்றாடப் பணிகளை மட்டும் கவனித்தவருக்கும் அப்படியே. ஆணையில் 'முழு' என்ற சொல்லும் 'நியமிக்கப்படுகிறார்' என்ற சொல்லும் இருக்கின்றனவா என்று ஊழியர்கள் தேடுவது இதனால்தான். உயர்ந்த பதவியின் பொறுப்பைப் பார்த்தால் பதவி உயர்வுக்கு உரிமை வந்துவிடும் என்று சிலர் நம்புவதுண்டு. அது பதவி உயர்வு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மாதிரி ஆணையின் கடைசி வரிதான் பெரும்பாலான ஆணைகளில் விடுபட்டுப் போவது. நிர்வாகப் பிரிவு ஒரு செலவுக்குப் பட்டியல் தயாரிக்கிறது. கணக்குப் பிரிவு அதைச் சரிபார்த்துப் பணம் வழங்குகிறது. ஒரு கை எழுதியதை இன்னொரு கை பார்ப்பதுதான் இங்கே பாதுகாப்பு. இரண்டு பிரிவுக்கும் ஒரே அலுவலர் என்றானதும் அவர் எழுதியதை அவரே சரிபார்க்கும் நிலை வந்துவிடுகிறது. அவர் நேர்மையானவராக இருந்தாலும் கூட்டல் பிழையைக் கண்டுபிடிக்க இரண்டாவது கண் இல்லாமல் போகிறது. பிற்பாடு ஒரு கேள்வி எழுந்தால் அவருக்கும் அது பாதகம். அந்தப் பட்டியல்களை மட்டும் மேலதிகாரிக்குத் திருப்பிவிடும் ஒரே வரி இருவரையும் காப்பாற்றும்.

பணம் பெற்று வழங்கும் அதிகாரத்தைத் தனியாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஆணையின் நகலும் அலுவலரின் மாதிரிக் கையொப்பமும் ஊதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போய்ச் சேராத வரை அவர் அனுப்பும் பட்டியல் அங்கே நிறைவேறாது. இணையவழிப் பட்டியலுக்கு மின்னணுக் கையொப்பமும் அவர் பெயரில் பதிவாக வேண்டும். ஓய்வு பெற்றவரின் கையொப்பச் சாவியை வைத்துச் சம்பளப் பட்டியலை அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது ஒருபோதும் ஏற்கத்தக்கதல்ல.

பொதுமக்கள் இந்த ஆணையோடு மோதும் இடம் பெரும்பாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஓய்வு பெற்ற கணக்கு அலுவலர் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலராகவும் இருந்தார் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பொறுப்பு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. பதவிப் பெயரால் அறிவிக்கப்பட்டிருந்தால் முழுப் பொறுப்பு ஏற்றவரிடம் அது சேரும். ஆளின் பெயரால் அறிவிக்கப்பட்டிருந்தால் புதிதாக ஓர் அறிவிப்பு தேவை. ஜூலை 5 அன்று வந்த மனுவுக்கு ஆகஸ்ட் 4க்குள் பதில் போக வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.250 வீதம், அதிகபட்சம் ரூ.25,000 வரை தண்டத்தொகை அலுவலரின் சொந்தப் பையிலிருந்து போகும். அது யார் பை என்பதை ஆணை சொல்லாவிட்டால் மனு இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே அலையும்.

பொறுப்பேற்கும் நாளில் எழுதப்படும் ஒப்படைப்புப் பட்டியல், ஆணைக்கு அடுத்தபடியாக முக்கியமான தாள். ரொக்கப் பதிவேட்டின் இருப்பு, இரும்புப் பெட்டிச் சாவி, கெடுத் தேதி உள்ள கோப்புகள், நீதிமன்ற வழக்குகள் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திட வேண்டும். அன்றிலிருந்து கணக்குப் பிரிவின் கடிதங்களில் அலுவலர் அந்தப் பதவிப் பெயரின் கீழேயே, அடைப்புக்குறிக்குள் 'கூடுதல் பொறுப்பு' என்று குறித்துக் கையெழுத்திடுவார். காலம் முடியும் நாளில் புதியவர் வரவில்லை என்றால் நீட்டிப்பு ஆணை அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். செப்டம்பர் 1 அன்று ஆணை இல்லாமல் போட்ட கையெழுத்துகளுக்குப் பின்னேற்பு கேட்டு எழுத வேண்டிவரும். அந்தப் பின்னேற்பை அளிக்க மேலதிகாரி மறுத்தால், அன்று அனுமதித்த செலவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அந்த அலுவலர்தான்.